முதல் பெரிய ஆர்டருக்கு நன்றி, அடுத்த சரக்குக்கு நான்கு வாரம்

திருப்பூரில் சிறிய பனியன் யூனிட் நடத்துபவர்களுக்கு முதல் பெரிய ஆர்டர் கைக்கு வந்த அன்று வாயில் தானாக வரும் ஒரு வாக்கியம் உண்டு. "அடுத்த சரக்கு எப்ப வேணும்னாலும் ஒரு போன் போடுங்க, உடனே அனுப்பிச்சுடறோம்." மனம் நிறைந்த நேரத்தில், உண்மையான நன்றியோடு சொல்லப்படும் சொல் அது. ஆனால் கேட்பவர் அதை உபசார வார்த்தையாக எடுத்துக்கொள்வதில்லை. தன் கடையின் இருப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார். இரண்டு மாதம் கழித்து, அடுக்கில் கருப்புச் சட்டை தீர்ந்துபோன அன்றுதான் போன் போடுகிறார். "உடனே" என்றவர் அப்போது "நாலு வாரம் ஆகுமுங்க" என்கிறார். முதல் ஆர்டரைச் சொன்ன தேதியில் கொடுத்துச் சம்பாதித்த நல்ல பெயர் அந்த ஒரு போனில் கரைந்துவிடுகிறது.

இத்தனைக்கும் இருவரில் யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஒரு சட்டை உருவாக எத்தனை நாள், அதில் எந்த நாட்களைக் குறைக்கலாம், எவற்றைக் குறைக்கவே முடியாது என்பதை நன்றி சொன்ன நேரத்திலேயே சொல்லாமல் விட்டதுதான் குறை. அதைச் சொல்ல அந்த நேரத்தைவிட நல்ல நேரம் கிடையாது. சரக்கு நன்றாக வந்த மகிழ்ச்சியில் இருக்கும் வாடிக்கையாளர் நிபந்தனையைக் காது கொடுத்துக் கேட்பார். சரக்கு இல்லாமல் தவிக்கும்போது அதே நிபந்தனை சாக்குப்போக்காகத்தான் கேட்கும்.

இதைப் பொதுவாகப் பேசுவதைவிட, தொழிலில் வழக்கமாக உள்ள அளவுகளைக் கொண்டு ஒரு மாதிரி ஆர்டரைப் பின்தொடர்ந்து பார்க்கலாம். திருநெல்வேலிப் பக்கம் நான்கு துணிக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி, முதலில் 200 டி-ஷர்ட் வாங்கிப் பார்க்கிறார். விற்பனை நன்றாக இருக்கிறது. அடுத்து 3,000 பீஸ் கேட்கிறார். ஆண்களுக்கான அரைக்கை, வட்டக் கழுத்து, பருத்தித் துணி, 180 ஜிஎஸ்எம். கருப்பு, நீலம், மெரூன், சாம்பல் என நான்கு நிறம், நிறத்துக்கு 750. நெஞ்சில் சிறிய பிரிண்ட். திருப்பூரில் இதைச் செய்யப்போகும் யூனிட்டில் இருப்பது ஒரே ஒரு தையல் லைன்.

முப்பது நாளில் தையலுக்கு ஆறு நாள்

சட்டை என்றதும் நம் கண்ணுக்குத் தெரிவது தையல் மெஷின்தான். அண்ணாச்சியின் மனக்கணக்கும் அங்கிருந்தே தொடங்கும். ஒரு லைனில் நாளைக்கு 500 பீஸ் தைக்கலாம் என்று கேள்விப்பட்டிருப்பார். 3,000 பீஸுக்கு ஆறு நாள், முன்னே பின்னே சேர்த்து இரண்டு வாரம் போதுமே என்று நினைப்பார். தையலைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு சரி. தையலுக்கு முன்னால் நடப்பவை அதில் இல்லை.

வெட்டில் போகும் கழிவு, சாயத்தில் குறையும் எடை எல்லாம் சேர்த்து ஒரு பீஸுக்குச் சுமார் 220 கிராம் துணி வேண்டும். 3,000 பீஸுக்கு 660 கிலோ. இதற்கான நூலை வாங்கி இறக்க இரண்டு நாள். நூல் நிட்டிங் மெஷினுக்குப் போய்த் துணியாக நான்கு நாள். அந்தத் துணி சாயப்பட்டறைக்குப் போய், நிறம் ஏறி, காய்ந்து, சுருக்கம் நிலைப்படுத்தும் காம்பாக்டிங் முடிந்து திரும்ப ஏழு நாள். கட்டிங்குக்கு இரண்டு நாள். வெட்டிய துண்டில் பிரிண்ட் அடித்துக் காய வைக்க மூன்று நாள். அதற்குப் பிறகுதான் ஆறு நாள் தையல். செக்கிங், அயர்னிங், பேக்கிங் மூன்று நாள். கூட்டினால் 27 வேலை நாள். சாயம் ஒருமுறை சரியாக அமையாமல் மறுபடி ஏற்ற நேர்ந்தால் தாங்குவதற்காக மூன்று நாளை ஒதுக்கினால் 30. ஞாயிறு விடுமுறை போக, ஐந்து வாரம்.

இந்த 30 நாளில் யூனிட் உரிமையாளரின் கூரைக்குக் கீழே நடப்பது கட்டிங், தையல், பேக்கிங் என்று 11 நாள் வேலை மட்டுமே. மீதியெல்லாம் வெளியே, மற்றவர்களின் வரிசையில் நடக்கிறது. நூல் மில், நிட்டிங்காரர், சாயப்பட்டறை, பிரிண்டிங் என ஒவ்வொரு இடத்திலும் இவருடைய துணிக்கு முன்னால் வேறு பத்துப் பேருடைய துணி காத்திருக்கும். ஆள் சேர்த்தும் இரவு ஷிப்ட் போட்டும் தையலை ஆறு நாளிலிருந்து நாலாக்கலாம். அதனால் மிச்சமாவது இரண்டே நாள்.

எல்லாவற்றிலும் கறாரான இடம் சாயப்பட்டறை. நொய்யல் ஆறு சாயக்கழிவால் கெட்டுப்போன வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியே விடாமல் முழுவதும் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்த வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடுதான் பட்டறைகள் இயங்க முடியும். சுத்திகரிப்பு நிலையம் எவ்வளவு தண்ணீரைத் தாங்குமோ அவ்வளவுதான் ஒரு பட்டறை ஒரு நாளில் சாயம் ஏற்றலாம். அவசரம் என்று கூடுதல் பணம் கொடுத்தாலும் அந்த அளவு கூடாது. ஆற்றைக் காப்பதற்காக வந்த வரம்பு அது, நியாயமானது. வாடிக்கையாளருக்குத் தேதி சொல்லும்போது இதையும் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது.

நாள் எண்ணத் தொடங்குவது எப்போது

ஐந்து வாரம் என்று சொல்வதில் ஒரு பொறி இருக்கிறது. எந்த நாளிலிருந்து ஐந்து வாரம்? அண்ணாச்சி போனில் "மூவாயிரம் போட்டுருங்க தம்பி" என்ற நாளிலிருந்து எண்ணுவார். யூனிட்காரர் நூல் வாங்கிய நாளிலிருந்து எண்ணுவார். இரண்டுக்கும் நடுவே பத்து நாள் போயிருக்கும். தாமதச் சண்டைகளில் பலவற்றுக்குக் காரணம் இந்தப் பத்து நாள்தான்.

வேலை தொடங்க நான்கு விஷயங்கள் கைக்கு வர வேண்டும். முதலாவது, சைஸ் ரேஷியோ. எம், எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் எத்தனை எத்தனை என்பது தெரியாமல் நூலின் அளவைத் திட்டமாகச் சொல்ல முடியாது. இரண்டாவது, நிற ஒப்புதல். சாயப்பட்டறை சின்னத் துண்டில் நிறம் ஏற்றித் தரும் லேப் டிப்பைப் பார்த்து "இதுதான்" என்று வாடிக்கையாளர் சொல்ல வேண்டும். இதற்கே நாலைந்து நாள் ஆகும். மூன்றாவது, பிரிண்ட் டிசைனுக்கு ஒப்புதல். நான்காவது, முன்பணம்.

எனவே எழுதித் தரும் வாக்கியம் இப்படி அமைய வேண்டும்: "இந்த நான்கில் கடைசியாக வருவது எந்தத் தேதியில் வருகிறதோ, அதற்கு அடுத்த வேலை நாளிலிருந்து 30 வேலை நாள்." இந்த ஒரு வரி இருந்தால், லேப் டிப்பை ஒரு வாரம் மேஜையில் வைத்திருந்தவருக்கு அந்த வாரம் யார் கணக்கில் சேரும் என்பது தானாகவே விளங்கிவிடும். நான்கும் வந்த அன்றே, "எல்லாம் வந்துவிட்டது, இன்று முதல் கணக்கு, சரக்கு இந்தத் தேதியில் லாரி ஏறும்" என்று காலண்டர் தேதியோடு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பிவிட வேண்டும். நாள் எண்ணிக்கையை மறக்கலாம், தேதியை யாரும் மறப்பதில்லை.

அளவு குறைந்தால் நாள் குறையுமா?

இப்போது மறு ஆர்டருக்கு வருவோம். 3,000 பீஸுக்கு ஐந்து வாரம் என்பதை அண்ணாச்சி ஏற்றுக்கொண்டுவிட்டார். அடுத்து அவர் கேட்கப்போவது கருப்பில் மட்டும் 450 பீஸ். முந்தைய ஆர்டரில் அது 15 சதவீதம்தான். ஐந்தாறு நாளில் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்ப்பது இயல்பு.

ஒரு ஆளுக்குச் சோறு வடித்தாலும் பத்துப் பேருக்கு வடித்தாலும் அரிசி வேக வேண்டிய நேரம் வெந்துதான் ஆக வேண்டும். நூல் வாங்க அதே இரண்டு நாள். நிட்டிங் நான்கிலிருந்து இரண்டாகக் குறையும். சாயம், காய்ச்சல், காம்பாக்டிங்குக்கு அதே ஏழு நாள், ஏனென்றால் அது வரிசையில் காத்திருக்கும் நேரமும் வேதிவினைக்கான நேரமும் சேர்ந்தது. கட்டிங் ஒரு நாள், பிரிண்ட் இரண்டு நாள், தையல் ஒரு நாள், பேக்கிங் ஒரு நாள். மொத்தம் 16. ஆனால் துணி வந்து சேரும் அன்று தையல் லைனில் வேறொருவருடைய ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும். பாதியில் நிறுத்தி இதை ஏற்ற முடியாது. அதற்குக் காத்திருப்பு நான்கு நாள். மறு சாயத்துக்கான ஒதுக்கீடு அதே மூன்று நாள். ஆக 23 வேலை நாள், ஏறக்குறைய நான்கு வாரம். அளவு 15 சதவீதமாகக் குறைந்தது, நாளோ ஐந்து வாரத்திலிருந்து நான்கு வாரமாகத்தான் குறைந்தது.

மறு ஆர்டர் பற்றி வாடிக்கையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டிய முதல் செய்தி இது. இதைக் கணக்கோடு காட்டிவிட்டால் "சின்ன ஆர்டர்தானே" என்ற பேச்சு எழாது.

450 என்ற எண்ணுக்கும் காரணம் உண்டு. சாயம் ஏற்றும் மெஷின்கள் குறிப்பிட்ட எடைக்கென்று அமைந்தவை. 100 கிலோ மெஷினில் 30 கிலோ துணியைப் போட்டால் தண்ணீருக்கும் துணிக்கும் உள்ள விகிதம் மாறும், நிறமும் மாறும், செலவும் கிலோவுக்குப் பல மடங்காகும். பீஸுக்கு 220 கிராம் என்றால் 100 கிலோவில் சுமார் 450 சட்டை வரும். எனவே நிறத்துக்குக் குறைந்தது 450 என்பது இந்த யூனிட்டின் எல்லை. "குறைந்தபட்ச ஆர்டர் 450" என்று வெறுமனே எழுதினால் பேரம் பேசத் தோன்றும். "100 கிலோ சாய மெஷின் நிரம்ப 450 பீஸ் வேண்டும்" என்று எழுதினால் காரணம் புரியும். நாலு நிறத்திலும் நூறு நூறு கேட்பதற்குப் பதிலாக, அதிகம் ஓடும் ஒரு நிறத்தில் 450 கேட்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்துகொள்வார்.

பழைய கருப்பும் புதிய கருப்பும்

மறு ஆர்டரில் வாடிக்கையாளருக்கு அதிர்ச்சி தரும் இன்னொரு விஷயம் நிற வேறுபாடு. அதே பட்டறை, அதே சாயக் கலவை, அதே துணி. ஆனாலும் இரண்டாவது முறை வரும் கருப்பு கொஞ்சம் நீலம் பாய்ந்தோ கொஞ்சம் செம்மை தட்டியோ இருக்கலாம். பஞ்சு மாறும்போது நூல் சாயத்தை இழுக்கும் தன்மை மாறுகிறது. தண்ணீரின் கடினத்தன்மையும் மெஷினில் ஏற்றிய எடையும் நிறத்தைப் பாதிக்கும். தொழிலில் இதை லாட் வேறுபாடு என்பார்கள். இதைக் கட்டுப்படுத்தலாம், முற்றிலும் ஒழித்துவிட முடியாது.

வேறுபாட்டைச் சரிபார்க்கும் இடமும் முக்கியம். கடையின் டியூப் லைட்டில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு கருப்பு, வாசலில் வெயிலில் பிடித்தால் வேறு வேறாகத் தெரியும். அதனால்தான் பட்டறைகளில் லைட் பாக்ஸ் என்ற பெட்டிக்குள் பகல் வெளிச்சம், கடை வெளிச்சம் என்று மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள்.

எனவே முதல் ஆர்டர் முடிந்ததும் செய்ய வேண்டிய ஒரு வேலை, ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு பீஸ் எடுத்து லாட் எண், தேதி எழுதிக் கையெழுத்திட்டு, ஒன்றை யூனிட்டிலும் ஒன்றை அண்ணாச்சியிடமும் பத்திரப்படுத்துவது. வெளிச்சம் படாத உறையில் வைக்க வேண்டும். மறு ஆர்டர் துணி வந்ததும் இதனோடு ஒப்பிட்டு, ஏற்கத்தக்க அளவுக்குள் இருந்தால்தான் கட்டிங் போவது என்று பேசிக்கொள்ளலாம். கூடவே கடைக்கு ஒரு வேண்டுகோளும் வைக்கலாம்: இரண்டு லாட்டையும் ஒரே அடுக்கில் கலக்க வேண்டாம், பழையது தீர்ந்த பிறகு புதியதைப் பிரியுங்கள், அல்லது லாட் வாரியாகக் கடைகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். நான்கு கடை இருப்பவருக்கு இது சிரமமே இல்லை.

நாளையும் நிற வேறுபாட்டையும் ஒருசேரக் குறைக்க ஒரு வழி உண்டு. முதல் ஆர்டருக்கு நூல் வாங்கும்போதே கூடுதலாக 100 கிலோ துணியை நெய்து, சாயம் ஏற்றாமல் வைத்துக்கொள்வது. எந்த நிறம் தீர்கிறதோ அந்த நிறத்தில் அதைச் சாயம் ஏற்றலாம். நூலுக்கும் நிட்டிங்குக்கும் ஆகும் நான்கு நாள் மிச்சம். முதல் ஆர்டரின் அதே நூல் என்பதால் நிறமும் நெருங்கி வரும். ஆனால் அந்தத் துணியில் பணம் முடங்கும். சிறிய யூனிட்டால் தனியாகத் தாங்க முடியாது. துணியின் விலையில் பாதியை வாடிக்கையாளர் முன்பணமாகத் தந்து, மூன்று மாதத்துக்குள் பயன்படுத்துவதாக ஒப்புக்கொண்டால் இருவருக்கும் நல்லது. இதை மறு ஆர்டர் வரும்போது பேசிப் பயனில்லை, முதல் ஆர்டரோடு பேச வேண்டும்.

எப்போது போன் போட வேண்டும்

"சரக்கு தீருவதற்கு முன்னாலேயே சொல்லுங்கள்" என்பது எல்லோரும் சொல்வது. எவ்வளவு முன்னால் என்று எண்ணில் சொன்னால்தான் அதற்குப் பயன் உண்டு. இந்தக் கணக்கைப் போட்டுத் தருவது விற்பவர் செய்யக்கூடிய நல்ல உதவி.

அண்ணாச்சியின் நான்கு கடைகளிலும் சேர்த்து வாரத்துக்கு 150 பீஸ் விற்கிறது, அதில் கருப்பு 60 என்று வைத்துக்கொள்வோம். மறு ஆர்டருக்கு நான்கு வாரம், லாரி, எண்ணிப் பிரித்துக் கடைக்கு அனுப்புவது எல்லாம் சேர்த்து ஐந்து வாரம் ஆகும். அந்த ஐந்து வாரத்தில் 300 கருப்பு விற்றுவிடும். விற்பனை திடீரென்று கூடினால் சமாளிக்க ஒரு வாரத்துக்கான 60 கையில் இருக்க வேண்டும். ஆக, கருப்பு 360-க்கு இறங்கும்போது போன் போட வேண்டும்.

750-ல் தொடங்கிய கருப்பு 360-க்கு இறங்க 390 விற்க வேண்டும். வாரம் 60 வீதம் ஆறரை வாரம். அந்த நாளில் கடைகளில் மொத்த இருப்பைப் பார்த்தால் 2,025 பீஸ் இருக்கும். முதலில் வாங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு இன்னும் அடுக்கில் இருக்கிறது. அதைப் பார்க்கிற யாருக்கும் இப்போது ஆர்டர் கொடுக்க வேண்டும் என்று தோன்றாது. மொத்த எண்ணிக்கை ஏமாற்றிவிடுகிறது. நிறம் நிறமாக, முடிந்தால் சைஸ் சைஸாக எண்ணினால்தான் உண்மை தெரியும். கருப்பில் எல் சைஸ் மட்டும் முதலில் தீர்ந்து, டபுள் எக்ஸ்எல் தேங்கினால், மறு ஆர்டரில் சைஸ் ரேஷியோவையே மாற்ற வேண்டும்.

பண்டிகைக் காலத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. தீபாவளி நவம்பர் முதல் வாரத்தில் வருகிறது என்றால் கடைக்காரர் செப்டம்பர் கடைசியில் சரக்கை அடுக்கில் பார்க்க விரும்புவார். அங்கிருந்து நான்கு வாரம் பின்னால் எண்ணினால் ஆகஸ்ட் கடைசி. ஆனால் அந்த மாதங்களில் எல்லாருடைய துணியும் சாயப்பட்டறை வாசலில் நிற்கும். ஒன்றிரண்டு வாரம் கூட்டி ஆகஸ்ட் நடுவில் கேட்டுவிட வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் தொழிலாளர்கள் எல்லோரும் திரும்பி லைன் முழுமையாக ஓட ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகலாம். ஒடிசா, பீகார் என்று தொலைவிலிருந்து வந்தவர்கள் வீட்டாரோடு நாலு நாள் கூடுதலாக இருந்துவிட்டு வருவது அவர்களுடைய உரிமை. அந்த நாட்களைத் தயாரிப்பு நாளாக எண்ணித் தேதி கொடுக்கக் கூடாது. பொங்கலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

விலையும் பணமும்

முதல் ஆர்டரின் விலையே மறு ஆர்டருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் நூல் விலை மாதத்துக்கு மாதம் மாறக்கூடியது. ஒரு பீஸுக்கு 220 கிராம் என்பதால், நூல் கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் பீஸுக்கு 2 ரூபாய் 20 காசு ஏறும். இறங்கினால் அதே அளவு குறையும். இந்தக் கணக்கை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் விலை மாற்றம் பேரமாக மாறாது. நூல் இறங்கும்போது கேட்காமலே குறைத்துக் கொடுப்பவர், ஏறும்போது கேட்பதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

பாக்கிப் பணத்தையும் இங்கேயே பேசிவிட வேண்டும். சிறிய யூனிட்டில் மறு ஆர்டரின் நூலை வாங்குவது முதல் ஆர்டரின் பாக்கியில்தான். அது வராவிட்டால் நூல் வராது, தேதியும் தள்ளும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்குத் தர வேண்டிய பணத்துக்கு எழுத்து ஒப்பந்தம் போட்டாலும் 45 நாளுக்கு மேல் தவணை வைக்க முடியாது. சட்டத்தைக் காட்டி நன்றிக் கடிதம் எழுத வேண்டியதில்லை. தவணை நாளைத் தெளிவாக எழுதினால் போதும்.

கடிதம்

நன்றியை இரண்டு முறை சொல்லலாம். ஆர்டர் உறுதியானதும் நாலு வரி, தேதியோடு. சரக்கு போய்ச் சேர்ந்து, அவர் எண்ணிப் பார்த்து, சரி என்ற பிறகு விரிவாக. மறு ஆர்டர் விவரங்களுக்கு இரண்டாவது கடிதமே இடம். அது இப்படி இருக்கலாம்:

"அண்ணாச்சிக்கு வணக்கம்.

3,000 பீஸும் எண்ணிக்கை சரியாக வந்து சேர்ந்ததாகச் சொன்னீர்கள். மிக்க மகிழ்ச்சி. 200 பீஸ் மட்டுமே எங்களிடம் வாங்கிப் பார்த்த நிலையில், எங்கள் ஒற்றை லைனை நம்பி இவ்வளவு பெரிய ஆர்டரைக் கொடுத்தீர்கள். லேப் டிப் வந்த மறுநாளே ஒப்புதல் சொன்னீர்கள். சொன்ன தேதியில் சரக்கை ஏற்ற முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் எல்லோருடைய நன்றியும் உங்களுக்கு.

அடுத்த முறை நீங்கள் கேட்கும்போது சிரமம் வரக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை இப்போதே எழுதுகிறேன்.

இதே மாடல், இதே நிறம் என்றால் லாரி ஏற நான்கு வாரம். புதிய நிறம் அல்லது புதிய பிரிண்ட் என்றால், நீங்கள் ஒப்புதல் தந்த நாளிலிருந்து ஐந்து வாரம். நிறத்துக்குக் குறைந்தது 450 பீஸ் வேண்டும், சாய மெஷின் நிரம்புவதற்கான அளவு அது. எண்ணிக்கையில் நூற்றுக்கு மூன்று கூடவோ குறையவோ வரலாம், வந்ததற்கு மட்டும் பில் போடுவோம்.

நீங்கள் சொன்ன விற்பனையைப் பார்த்தால், கருப்பு 360-க்கு இறங்கும்போது எங்களுக்குச் சொன்னால் கடையில் தட்டுப்பாடு வராது. தீபாவளிச் சரக்குக்கு ஆகஸ்ட் 15-க்குள் சொல்லிவிடுங்கள்.

நூல் விலை மாறினால் கிலோவுக்கு 10 ரூபாய்க்குப் பீஸுக்கு 2 ரூபாய் 20 காசு வீதம் கூட்டவோ குறைக்கவோ செய்வோம். முதல் பில்லின் பாக்கி 30 நாளில் என்று பேசியிருக்கிறோம். அது வந்ததும் அடுத்த நூலை வாங்கிவிடலாம்.

நிறத்துக்கு ஒரு மாதிரி பீஸ், லாட் எண் எழுதி, தனிக் கவரில் அனுப்பியிருக்கிறேன். அதை மட்டும் விற்றுவிடாமல் வைத்திருங்கள்."

இந்தக் கடிதத்தில் நன்றி எதற்கு என்பது பெயர் சொல்லி இருக்கிறது. வேறு யாருக்கும் இதை அப்படியே அனுப்ப முடியாது. ஒவ்வொரு நிபந்தனையோடும் காரணமோ, அவருக்கு உள்ள பயனோ சேர்ந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்கும் தொனி எங்கும் இல்லை. நாள் ஆவது குற்றம் ஆகாது, சொல்லாமல் விடுவதே குற்றம். "விரைவில்", "கூடிய சீக்கிரம்" போன்ற சொற்களும் இல்லை, ஏனென்றால் படிப்பவர் தன் வசதிக்கேற்ற நாளை அந்தச் சொற்களுக்குள் வைத்துக்கொள்வார்.

தேதி தவறப்போகிறது என்பதை எப்படி அறிவது

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில ஆர்டர்கள் தள்ளிப்போகும். தள்ளிப்போவது கடைசி நாளில்தான் தெரிய வரும் என்பது உண்மையில்லை. மறு ஆர்டரில் கவனிக்க வேண்டிய நாள் ஒன்று உண்டு, துணி சாயம் ஏறித் திரும்பி வரும் நாள். கணக்குப்படி அது 11-ஆவது வேலை நாள். ஒதுக்கி வைத்த மூன்று நாளையும் சேர்த்து 14-ஆவது நாளிலும் துணி வரவில்லை என்றால் சொன்ன தேதி போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அன்றே அண்ணாச்சிக்குப் புதிய தேதியோடு தகவல் போக வேண்டும். ஒரு வாரம் முன்கூட்டித் தெரிந்தால் அவர் விளம்பரத்தைத் தள்ளிவைக்கலாம், ஒரு கடையின் இருப்பை இன்னொரு கடைக்கு மாற்றலாம். கடைசி நாளில் தெரிந்தால் அவரால் எதுவும் செய்ய முடியாது. வாடிக்கையாளர் பக்கம் இருப்பவர்களும் இந்த ஒரு கேள்வியைக் கற்றுக்கொள்ளலாம்: "சரக்கு எப்ப வரும்?" என்பதற்குப் பதிலாக "துணி சாயத்திலிருந்து வந்துடுச்சா?" பதிலில் எல்லாம் தெரிந்துவிடும்.

இவ்வளவும் எழுதிக் கொடுத்த பிறகும் ஒரு நாள் போன் வரும். "தம்பி, எண்ணாம விட்டுட்டோம், கருப்பு நாப்பதுதான் இருக்கு. பத்து நாள்ல ஐந்நூறு கிடைக்குமா?" அப்போது "பார்க்கலாம் அண்ணாச்சி" என்பது மிக மோசமான பதில், "முடியாது" என்பது அடுத்த மோசமான பதில். அவர் முன் வைக்க மூன்று வழிகள் உண்டு. அதே துணி, அதே நிறம் என்றால் நான்கு வாரம். சாயம் ஏற்றாத துணி இருப்பில் வைத்திருந்தால் 19 வேலை நாள், அதாவது மூன்று வாரத்துக்குச் சற்று மேல். அதுவும் தாங்காது என்றால், சாயம் ஏறிய துணியைத் திருப்பூரில் இருப்பு வைத்து விற்பவர்களிடம் கருப்பு வாங்கித் தைத்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் தரலாம். ஆனால் அதன் நிறமும் கனமும் முன்பு வாங்கியதைப் போல இருக்காது, தனி மாடலாகத்தான் விற்க வேண்டும். கூடவே, நான்கு கடைகளில் எதில் கருப்பு தேங்கியிருக்கிறது என்று ஒருமுறை பார்க்கச் சொல்லலாம்.

எந்த வழி என்பதை அண்ணாச்சி முடிவு செய்வார். அவர் தேர்ந்தெடுத்ததை, தேதியோடு, அன்று மாலைக்குள் எழுதி அனுப்பிவிட வேண்டும். முதல் கடிதத்தில் 360 என்ற எண் இருந்ததால், இந்த உரையாடலில் யார் மீதும் யாரும் கோபப்பட வேண்டியிருக்காது. அடுத்த முறை அந்த எண்ணுக்கு இருப்பு இறங்கியதும் அவர் கடையிலிருந்தே போன் வரும்.